“கன்ஃபார்ம் பண்ணிட்டேன் சார்”

கரூரில் படுக்கை விரிப்பு, கிச்சன் டவல் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். நூல் வாங்குவது, சாயப்பட்டறைக்குக் கூலி கொடுப்பது, ஜெர்மனிக்காரரிடமிருந்து வரவேண்டிய பணத்தைத் துரத்துவது என்று இருபது வருடத்துக்கு மேல் இதே வேலைதான். வங்கி விவரம் மாறிவிட்டது என்று மெயிலில் சொல்லி ஏமாற்றும் வேலையை இரண்டு முறை கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். முதல் முறை பணம் போனது. இரண்டாவது முறை தப்பித்தோம், அதுவும் மயிரிழையில். இரண்டு தடவையும் மெயில் வந்த பிறகு ‘உறுதி செய்துகொண்டார்கள்’. அதுதான் இதை எழுதக் காரணம்.

முதல் சம்பவம் 2017இல், நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில். ஜெர்மனியில் ஒரு பையர், ஐந்தாறு வருடப் பழக்கம். வங்கி உத்தரவாதம் தரும் எல்.சி. எல்லாம் கிடையாது, ஓப்பன் அக்கவுண்ட். சரக்கு கப்பலேறிய தேதியிலிருந்து 60 நாளில் அவர்களே பணம் அனுப்பிவிடுவார்கள். எல்.சி.யிலோ, பணம் கட்டினால்தான் வங்கி ஆவணத்தைக் கொடுக்கும் டி.பி.யிலோ என்றால் ஆவணங்கள் வங்கி வழியாகப் போகும், நடுவில் இரண்டு வங்கிகள் இருக்கும். ஓப்பன் அக்கவுண்டில் நடுவில் இருப்பது மெயில் ஒன்றுதான். அந்த பில் 23,460 யூரோ.

60 நாள் தாண்டியது. ஒரு வாரம் பொறுத்தோம். அப்புறம் எங்கள் மெர்ச்சண்டைசர் பையன் நினைவூட்டி ஒரு மெயில் போட்டான். பதில் இல்லை. இன்னொன்று போட்டான், அதற்கும் இல்லை. மூன்றாவது வாரம் முதலாளியே போனை எடுத்துப் பேசினார். அந்தப் பக்கம் அக்கவுண்ட்ஸ் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “பணம் அனுப்பி மூன்று வாரம் ஆச்சே, நீங்கள் சொன்ன புது அக்கவுண்டுக்குத்தானே போட்டோம்” என்றார்.

அவர் எங்களுக்கு அனுப்பிக் காட்டிய மெயிலைப் பார்த்தபோது எனக்கே முதலில் அது எங்கள் மெயில்தான் என்று தோன்றியது. எங்கள் லோகோ, எங்கள் பையனின் கையெழுத்துப் பகுதி, கீழே போன மாதம் வரைக்குமான பழைய கடிதப் போக்குவரத்து எல்லாம் அப்படியே இருந்தன. எங்கள் டொமைன் பெயரில் `mills` என்று ஒரு பகுதி உண்டு. அதில் இருந்தது `rnills`. ஆர், என் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டால் எம் மாதிரியேதான் தெரியும். இப்போது இதை வாசிக்கும் திரையிலேயே பாருங்கள், சட்டென்று வித்தியாசம் தெரிகிறதா?

அதில் எழுதியிருந்தது இதுதான்: எங்கள் இந்திய வங்கிக் கணக்கில் ஆடிட் நடக்கிறது, அதனால் தற்காலிகமாக எங்கள் ஐரோப்பியக் கணக்குக்குப் பணம் அனுப்பவும். கீழே ஐபேன் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண் ஒன்று, `PL` என்று தொடங்கியது. போலந்து வங்கி. கரூரில் இருக்கும் கம்பெனிக்குப் போலந்தில் எதற்குக் கணக்கு என்று எனக்குத் தோன்றும், உங்களுக்கும் தோன்றும். அந்த அம்மாவுக்கு அப்படித் தோன்றாததற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் ஐபேன் முறையே கிடையாது. எங்களுக்கு அனுப்பும்போதெல்லாம் அவர் ஸ்விஃப்ட் கோடு, கணக்கு எண், இடைநிலை வங்கி என்று தனியாக ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். ஐபேன் இருந்தால் பக்கத்து ஊருக்கு அனுப்புகிற மாதிரி யூரோவிலேயே ஒரு நாளில் போய்விடும். மோசடிக்காரன் சொன்ன வழி அவருக்கு வேலையைக் குறைத்தது. சந்தேகப்படுவதற்குப் பதிலாக அவருக்கு நிம்மதிதான் வந்திருக்கும்.

ஆனால் அவர் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடவில்லை. “இந்த மாற்றத்தை உறுதிசெய்யவும்” என்று கேட்டு மெயில் போட்டிருக்கிறார். அரை மணி நேரத்தில் பதில் வந்திருக்கிறது, கையெழுத்தும் முத்திரையும் வைத்த கடிதத்தோடு. அவர் அழுத்தியது ‘ரிப்ளை’ பொத்தான். கேள்வி போனதும் திருடனுக்குத்தான், பதில் வந்ததும் அவனிடமிருந்துதான்.

எங்கள் நினைவூட்டல் மெயில்கள் எங்கே போயின? அவை போய்ச் சேர்ந்துவிட்டன. அந்த அம்மா பதிலும் போட்டிருக்கிறார். அந்தப் பதில்தான் எங்கள் பையன் கண்ணில் படவில்லை. அவனுடைய மெயில் செட்டிங்ஸைக் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் திறந்து பார்த்தபோது, அவன் போடாத ஒரு ரூல் உட்கார்ந்திருந்தது. அந்த பையரிடமிருந்து வரும் மெயில் எதுவானாலும் ‘படித்தது’ என்று குறித்து `RSS Feeds` என்ற ஃபோல்டருக்குத் தள்ளிவிடும். அந்த ஃபோல்டரை வாழ்நாளில் யார் திறந்து பார்த்திருக்கிறார்கள்? இன்னொரு ரூல், `invoice`, `payment`, `bank` என்ற சொற்கள் இருக்கும் மெயிலை எல்லாம் வெளியே ஒரு முகவரிக்கு ஒரு நகல் அனுப்பியது. இரண்டரை மாதமாக யாரோ எங்கள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். தொகையும் தேதியும் பில் நம்பரும் அவ்வளவு சரியாக இருந்ததற்கு அதுதான் காரணம். அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை எங்கள் எல்லோருடைய மெயிலிலும் ரூல், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மெயில் பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த ரூல் தானாகப் போகாது என்பது பலருக்குத் தெரியவில்லை.

பணம் திரும்பி வரவில்லை. மூன்று வாரம் என்பது ரொம்ப தாமதம். “உங்கள் மெயில்தான் ஹேக் ஆனது” என்று அவர்கள் சொன்னார்கள், “கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே” என்று நாங்கள் சொன்னோம். கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. அதையும் அடுத்த ஆர்டர்களில் விலையைக் குறைத்துக் கழித்தார்கள். அதோடு போயிற்றா என்றால் இல்லை. ஏற்றுமதி பில்லுக்குப் பணம் வந்ததாக வங்கி ரிசர்வ் வங்கியின் கணினியில் காட்டினால்தான் அந்த ஷிப்பிங் பில் முடியும். பாதிப் பணம் வராமல் அது திறந்தே கிடந்தது. அதை எழுதித் தள்ளுவதற்கு வங்கிக்கு எத்தனை கடிதம், எத்தனை நடை! வராத பணத்துக்கு அரசிடம் வாங்கியிருந்த டிராபேக் என்ற வரிச் சலுகைப் பணத்தையும் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதாக நினைத்தது ஒன்று. மெயில் முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும், பிறகு போன் செய்து கேட்க வேண்டும். புது கம்பெனிக்கு வந்ததும் எனக்குக் கீழே வேலை செய்யும் எல்லோருக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். அதில் எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தது என்று 2024 மார்ச்சில்தான் தெரிந்தது.

அந்த மார்ச் மாதத்தை அக்கவுண்ட்ஸ்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வருமான வரிச் சட்டத்தில் 43B(h) வந்த முதல் வருடம். சிறு, குறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள், அதற்குள் பணம் கொடுக்க வேண்டும். கெடு தாண்டி, மார்ச் 31க்குள்ளும் கொடுக்காமல் விட்டால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது. நூல், சாயம், தையல் என்று எங்களுக்குச் சரக்கு கொடுப்பவர்கள் பாதிக்கு மேல் உத்யம் பதிவு செய்த சிறு நிறுவனங்கள். மார்ச் 28 வியாழன், மறுநாள் புனித வெள்ளி, அப்புறம் சனி, ஞாயிறோடு வருடம் முடிகிறது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பணம் அனுப்பிக்கொண்டிருந்தோம். இதைவிட நல்ல நாள் திருடனுக்கு எங்கே கிடைக்கும்?

அன்று சாயங்காலம் ஆறு மணி இருக்கும். எங்கள் அசிஸ்டெண்ட் பெண் ஆர்.டி.ஜி.எஸ். லிஸ்ட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். திண்டுக்கல் பக்கத்து நூல் மில் ஒன்றுக்கு 18,64,320 ரூபாய். அதற்கு எதிரே பென்சிலில் ‘புது அக்கவுண்ட்’ என்று குறித்திருந்தாள்.

“என்னம்மா, மில்லுக்கு அக்கவுண்ட் மாறியிருக்கா?”

“ஆமாங்க சார். சி.சி. லிமிட்டை வேற பேங்க்குக்கு மாத்துறாங்களாம். அதுவரைக்கும் அவங்க சிஸ்டர் கன்சர்ன் கரண்ட் அக்கவுண்ட்ல போடச் சொல்லி லெட்டர் அனுப்பிருக்காங்க. மெயில் ஐடி எல்லாம் பாத்துட்டேன், கரெக்டா இருக்கு. போனும் பண்ணி கன்ஃபார்ம் பண்ணிட்டேன் சார்.”

நான் சொல்லிக் கொடுத்த இரண்டையும் செய்திருந்தாள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடப் போனேன். காரணமும் நம்பும்படி இருந்தது. மில்கள் தொழிலுக்குக் கடன் எடுக்கும் சி.சி. கணக்கு ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது சாதாரணம். அதைவிட, வங்கி மாறுகிறது என்ற கடிதத்துக்கு நாங்கள் பழகிப்போயிருந்தோம். 2020இல் பொதுத்துறை வங்கிகளை இணைத்த பிறகு, 2021இல் சிண்டிகேட் வங்கியின் `SYNB` என்று தொடங்கும் ஐ.எஃப்.எஸ்.சி. கோடு எல்லாம் கனராவின் `CNRB` ஆனது. ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகளில் கணக்கு வைத்திருந்தவர்களும் யூனியன் வங்கியின் கோடுக்கு மாறினார்கள். வாரத்துக்கு நாலைந்து லெட்டர்ஹெட் மெயிலில் வரும், நாங்களும் கணக்கு மென்பொருளான டேலியில் மாற்றிக்கொண்டே இருப்போம். அப்போது யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அதில் ஆபத்து குறைவு என்பதும் உண்மை. பெரும்பாலும் ஐ.எஃப்.எஸ்.சி. மட்டும் மாறும், கணக்கு எண் அப்படியே இருக்கும், புது கோடை வங்கியின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒரு வருடத்தில் எங்கள் கை ‘லெட்டர் வந்தால் மாற்று’ என்று பழகிவிட்டது.

என்னை நிறுத்தியது பெரிய அறிவு ஒன்றும் இல்லை. ‘சிஸ்டர் கன்சர்ன்’ என்ற சொல் கொஞ்சம் உறுத்தியது. சி.சி. வேறு வங்கிக்குப் போகிறது என்றால் மில்லின் பெயரிலேயே அங்கே கணக்குத் திறப்பார்கள், வேறு பெயர் எதற்கு? அதோடு, ஜி.எஸ்.டி. பில் ஒரு பெயரில், பணம் இன்னொரு பெயரில் என்றால் ஆடிட்டர் கேட்பார். இந்த இரண்டாவது கவலையில்தான், சும்மா பேப்பர் சரியாக இருக்கட்டும் என்று கேட்டேன்.

“எந்த நம்பருக்கும்மா போன் பண்ணின?”

“லெட்டர்ல இருந்த நம்பர்தான் சார். ஒரு மேடம் பேசினாங்க. மில் பேரு சொல்லித்தான் எடுத்தாங்க.”

அவள் போனில் யார் எண் என்று காட்டும் செயலி ஒன்று இருந்தது, அதிலும் மில் பெயர்தான் வந்திருக்கிறது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பதிந்துகொள்ளலாம் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

பழைய ஃபைலை எடுத்து, போன வருடத்து பில் ஒன்றைக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். லெட்டர்ஹெட் அச்சு அசல். முகவரி, ஜி.எஸ்.டி. எண், மில் படம் எல்லாம் அதேதான். பில்லில் இரண்டு லேண்ட்லைன், 0451 என்று தொடங்குபவை. கடிதத்தில் லேண்ட்லைன் இல்லை, அந்த இடத்தில் ஒரே ஒரு மொபைல் நம்பர்.

லேண்ட்லைனுக்கு அடித்தோம். ஆபீஸ் நேரம் முடிந்துவிட்டது, யாரும் எடுக்கவில்லை. மில் அக்கவுண்டன்ட் வருடா வருடம் பாக்கிக் கணக்கு ஒப்பிட எங்கள் ஆபீசுக்கு வருவார். அப்படி ஒரு தடவை வந்தபோது வாங்கிவைத்த அவருடைய நம்பர் என் போனில் இருந்தது. என்னைவிட மூத்தவர், குரல் நன்றாகத் தெரியும்.

“அண்ணா, உங்களுக்கு இன்னிக்கு ஒரு பேமெண்ட் போடணும். அக்கவுண்ட் நம்பரைக் கொஞ்சம் சொல்லுங்க, சரிபாத்துக்கறேன்.”

“எப்பவும் போடற அக்கவுண்ட்தான தம்பி? இருங்க, செக் புக்கப் பாத்துச் சொல்றேன்.”

அவர் சொன்னது எங்களிடம் ஏற்கெனவே இருந்த பழைய நம்பர். கடைசி நான்கு இலக்கம் வரும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அக்கவுண்ட் மாற்றச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “யாரு மாத்தச் சொன்னது? எங்க மெயில்ல இருந்தா வந்துச்சு?” என்றார் மெதுவாக.

ஆமாம், அவர்கள் மெயிலிலிருந்துதான் வந்திருந்தது. 2017இல் ஆர்-என் என்று போலி முகவரி இருந்தது, இங்கே அதுகூட இல்லை. ஜிமெயிலில் `Show original` என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால், மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று சோதிக்கும் `SPF`, `DKIM`, `DMARC` மூன்றும் `PASS` ஆகியிருக்கிறதா என்று பார்க்கலாம். மூன்றுமே `PASS`. மில் ஆபீஸ் மெயிலின் பாஸ்வேர்ட் யார் கையிலோ போய், உள்ளே உட்கார்ந்து, போன வாரம் நாங்கள் அனுப்பிய பாக்கி விவரத்துக்கே பதில் எழுதியிருக்கிறார்கள். முகவரி தப்பாக இருந்தால் மோசடி என்று சொல்லிவிடலாம். முகவரி சரியாக இருப்பது எதையும் நிரூபிக்காது. இந்த ஒரு வழிப்பாதையை நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

போன் விஷயமும் அப்படியே. போன் செய்வதால் மட்டும் அது தனி வழி ஆகிவிடாது. நம்பர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கடிதத்தில் இருந்து எடுத்த நம்பர் என்றால் அது கடிதத்தின் வால்தான்.

பாவம், அந்த அக்கவுண்டன்ட் அண்ணா அன்றிரவே தங்கள் பார்ட்டிகள் எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறார். எங்கள் ஊரிலேயே இன்னொருவர் அன்று மதியம் 6 லட்சத்துச் சொச்சம் அனுப்பிவிட்டிருந்தார். அவர் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடித்தார். பணம் அனுப்பியதற்கு வங்கி தரும் யு.டி.ஆர். எண், பணம் போன கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., தொகை, நேரம் இதெல்லாம் கையில் இருந்ததால் புகார் சீக்கிரம் பதிவானது. கூடவே தன் வங்கிக்கும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கணக்கிலிருந்து ஏற்கெனவே வெளியே எடுத்தது போக மீதி இருந்த தொகையை நிறுத்தி வைத்தார்கள். பாதிக்குக் கொஞ்சம் கம்மி. அதைக் கையில் வாங்க அவர் எத்தனை மாதம் அலைந்தார் என்பது தனிக்கதை. மில்லுக்கு அவர் தரவேண்டிய பணமோ அப்படியே பாக்கி நின்றது. திருடனுக்குக் கொடுத்ததை மில்லுக்குக் கொடுத்ததாகக் காட்ட முடியுமா? 43B(h)க்குப் பயந்து அவசரமாக அனுப்பியவர், அதையும் சேர்த்துத்தான் இழந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். பெரிய கம்பெனிகளில் இதற்கு மென்பொருள் எல்லாம் வைத்திருப்பார்கள். எங்களிடம் ஒரு நோட்டுதான். சப்ளையர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். முதல் தடவை வியாபாரம் தொடங்கும்போதே யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று இரண்டு பேருடைய பெயரும் நம்பரும் அதில் எழுதிவிடுவோம். நேரில் வந்தபோது வாங்கியது, பழைய பில்லில் இருந்தது என்று எங்கிருந்து கிடைத்த நம்பர் என்பதையும் பக்கத்தில் குறிப்போம். வங்கி மாற்றம் என்று எது வந்தாலும், மெயிலோ வாட்ஸாப்போ, அந்த நோட்டில் உள்ள நம்பருக்கு நாங்கள்தான் கூப்பிட வேண்டும். அவர்கள் கூப்பிட்டுச் சொன்னால் சரி என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டு, திரும்ப நாங்கள் அடிப்போம். ‘என் நம்பரும் மாறிவிட்டது’ என்று அதே மெயிலில் இருந்தால் இரண்டாவது ஆளைக் கூப்பிடுவோம். அவரும் கிடைக்காவிட்டால் பழைய கணக்குக்கே பணம் போகும், இல்லை என்றால் நிற்கும்.

பேசும் விதத்திலும் ஒன்று கவனித்தோம். எங்கள் பெண் அன்று அந்த மேடத்திடம் கேட்டது, “நீங்க அக்கவுண்ட் மாத்தியிருக்கீங்களா, 4471ல முடியுதே, அதுதானே?” இந்தக் கேள்விக்கு யார் வேண்டுமானாலும் ஆமாம் சொல்லிவிடலாம். நிஜமான ஆளைக் கூப்பிட்டால்கூட, அவசரத்தில் இருப்பவர் “ஆமா ஆமா” என்று வைத்துவிடுவார். அதனால் நம்பரை நாங்கள் வாசிப்பதில்லை. “உங்கள் அக்கவுண்ட் நம்பர், ஐ.எஃப்.எஸ்.சி. சொல்லுங்கள்” என்போம், எழுதிக்கொள்வோம், போனை வைத்த பிறகே கடிதத்தோடு ஒப்பிடுவோம்.

புதுக் கணக்கு உண்மைதான் என்று தெரிந்த பிறகும் முழுத் தொகையை முதலில் அனுப்புவதில்லை. 7 ரூபாய் 43 காசு, 11 ரூபாய் 86 காசு என்று ஏதாவது ஒரு கோணல் தொகையை அனுப்பிவிட்டு, மறுபடி நோட்டில் உள்ள நம்பருக்கு அடித்து எவ்வளவு வந்தது என்று கேட்போம். ஒரு ரூபாய் என்று அனுப்பினால் பார்க்காமலே ‘வந்துடுச்சு’ என்பார்கள். காசு வரைக்கும் சொல்ல வேண்டும் என்றால் ஸ்டேட்மெண்டைத் திறந்துதான் ஆக வேண்டும். சரியாகச் சொன்னால் அந்தக் கணக்கு அவர்கள் பார்க்கும் கணக்குத்தான்.

2025 ஏப்ரலிலிருந்து ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்டிலும் கணக்கு எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை ரிசர்வ் வங்கி கொண்டுவந்திருக்கிறது. இது நல்ல விஷயம். அதற்கு முன்பெல்லாம் நாம் டைப் செய்யும் பெயரை யாரும் பார்க்கவே மாட்டார்கள், எண்ணை வைத்து மட்டும் பணம் போய்விடும். ஆனால் எங்கள் கேஸில் இது இருந்திருந்தாலும் கடிதத்தில் சொல்லியிருந்த ‘சிஸ்டர் கன்சர்ன்’ பெயர்தானே திரையில் வந்திருக்கும்? அந்தப் பெண்ணுக்கு இன்னும் தைரியம்தான் கூடியிருக்கும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் நிறுத்துவதற்கு அது உதவும். ஒத்துப்போனால் போனை எடுக்கத்தான் வேண்டும்.

கேன்சல்டு செக் கேட்பதை நான் விட்டுவிட்டேன். லெட்டர்ஹெட்டைச் செய்தவனுக்குக் காசோலைப் படம் செய்வது கஷ்டமா என்ன?

நெட் பேங்கிங்கில் ஒருவர் போட்டு இன்னொருவர் அப்ரூவ் செய்யும் முறை இருக்கிறதே, அது போதாதா என்று முதலாளி கேட்டார். எங்கள் கேஸில் அப்ரூவ் செய்ய வேண்டியவன் நான்தான், பேனாவை எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அப்ரூவ் செய்பவர் திரையில் பெயரையும் தொகையையும்தான் பார்க்கிறார். கணக்கு எண் போன மாதம் இருந்ததா, இன்று மாறியதா என்று அது சொல்வதில்லை. முப்பது பேருக்கு ஒரே ஃபைலாக ஏற்றினால் மொத்தத் தொகை மட்டும்தான் கண்ணில் படும். இப்போது லிஸ்ட்டில் முதல் தடவை போகும் கணக்கு எதுவானாலும் தனித்தாளில் வர வேண்டும், அதில் யார் எத்தனை மணிக்கு யாரிடம் பேசினார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். டேலியில் எடிட் லாக் இருப்பதால் சப்ளையரின் வங்கி விவரத்தை யார் எப்போது மாற்றினார்கள் என்பதையும் வாரம் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

இதில் கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. சாயப்பட்டறைக்காரர் ஒருவர் நிஜமாகவே வங்கி மாற்றினார். அவரே நேரில் வந்து கடிதம் கொடுத்த பிறகு காசுக்கணக்கைக் கேட்டுப் போன் போனதும், “பதினஞ்சு வருசமாப் பழகறோம், எங்களையே சந்தேகப்படறீங்களா?” என்று குதித்தார். நேரில் வந்தவருக்கு அது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். திருடனுக்குப் பயந்து செய்தது இல்லை அது. அவர் கடிதத்தில் ஒரு இலக்கம் தப்பாக டைப் ஆகியிருந்தது. 11 ரூபாய் 86 காசு திரும்பி வந்துவிட்டது. சரியான நம்பரை அவரே வாசித்த பிறகுதான் கோபம் தணிந்தது.

போன வருடம் நாங்களே வங்கி மாற்றினோம். வெளிநாட்டு பையர்கள் 11 பேர். மெயில் போட்டால் எனக்கே அது பிடிக்காது என்பதால், ஒவ்வொருவரையும் போனில் பிடித்துச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பத்துப் பேர் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார்கள். டென்மார்க்கில் இருக்கும் அம்மாவிடம் என் பெயர், கம்பெனி பெயர், கடைசியாக அவர்கள் பணம் அனுப்பிய பில் நம்பர் எல்லாம் சொல்லிவிட்டு, புதுக் கணக்கு எண்ணைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் மரியாதையாக என்னை நிறுத்தி, “இதை நான் இப்போது கேட்டுக்கொள்ளப் போவதில்லை” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. பத்து நிமிடம் கழித்து ஆபீஸ் லேண்ட்லைன் அடித்தது. அதில் யாரும் கூப்பிட்டு மாதக்கணக்காகியிருக்கும், எடுப்பதற்கு ஃபைல்களை நகர்த்த வேண்டியிருந்தது. 2019இல் போட்ட ஒப்பந்தத்தில் அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். “இப்போது சொல்லுங்கள், மெதுவாக, ஒவ்வொரு இலக்கமாக” என்றார்.